ஒரு நாள் சிறுநீரும் ஒரு துளி உமிழ்நீரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., வேதியியல்)

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் எழுதிய எந்தச் சீட்டு வீட்டிற்கு வந்தாலும், அதை என்னிடம் நீட்டுவது வழக்கம். ரேஷன் அட்டையாயினும் சரி, மருந்துச் சீட்டாயினும் சரி, நான் படித்துச் சொன்னால் அதுவே தீர்ப்பு. சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு சீட்டை நான் தவறாகப் படித்தேன். அதனால் என் அத்தையின் நோய் நான்கு மாதங்கள் மறைந்து கிடந்தது. அந்தத் தவறு எத்தகையது, அதை எவ்வாறு கண்டுபிடித்தார்கள் என்பதை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

அத்தைக்கு வயது நாற்பத்திரண்டு. மணிலாக் கொல்லையில் களையெடுக்கக் குந்தினால், கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. முகம் உருண்டது, கை கால்கள் மெலிந்தன. லேசாக இடித்துக்கொண்டாலே தோலில் நீலம் பாய்ந்தது. வயிற்றில் விரல் அகலத்திற்குச் செவ்வூதா வரிகள் தோன்றின. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. “சோறு சேருது, சதை போடுது” என்றார்கள் அக்கம்பக்கத்தார். மருத்துவர் ஒருவர் மட்டும், அத்தை எழுந்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, ‘கார்ட்டிசால்’ என்று சீட்டில் எழுதினார். அதற்கு முன் அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. மூட்டுவலிக்கு யாராவது பொடியோ மாத்திரையோ கொடுத்தார்களா, முகத்திற்குக் களிம்பு பூசுவதுண்டா, ஊசி போட்டுக்கொண்டதுண்டா என்று கேட்டார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மருந்து உடலுக்குள் போயிருந்தாலும் இதே தோற்றம் வரும். நம் பக்கத்தில் அதுவே பெரும்பான்மை. அத்தைக்கு அப்படி எதுவும் இல்லை.

கார்ட்டிசாலின் நாள் நடை

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. அவற்றை ஏவுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், பிட்யூட்டரியில் தோன்றும் சிறு கட்டியால் இத்தகைய நோய் வருவதை 1932இல் விளக்கி எழுதினார். அதனால் குஷிங் நோய் என்றே பெயர் நிலைத்தது.

இரத்தத்தில் நேரடியாக அளந்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அதற்கான விடையில்தான் விஷயம் இருக்கின்றது. கார்ட்டிசால் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும், பின் படிப்படியாக இறங்கும், நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்த பள்ளத்தை அடையும். குஷிங் நோயாளிக்குக் காலை அளவு பலசமயம் மற்றவர்களைப் போலவே இருக்கும், ஆனால் அந்த இரவுப் பள்ளம் தூர்ந்துபோய்விடும். எனவே காலையில் எடுத்த ஒரு குழாய் இரத்தம் நோயைக் காட்டாமல் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தத்திலுள்ள கார்ட்டிசாலில் மிகப் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு பங்கே உடலில் வேலை செய்கின்றது. கர்ப்பத்தடை மாத்திரை உண்பவர்களுக்கு அப்புரதம் மிகுவதால், நோய் இல்லாமலே இரத்த அளவு உயர்ந்து தெரியும். சிறுநீரகம் வடிகட்டி வெளியே விடுவதும், உமிழ்நீருக்குள் கசிவதும் அந்தத் தனித்த கார்ட்டிசால் மட்டுமே. ஆகவே இரண்டு வழிகள் பிறந்தன. ஒரு நாள் முழுதும் வெளியான சிறுநீரைச் சேர்த்து மொத்தக் கணக்கைப் பார்ப்பது ஒன்று. நள்ளிரவை ஒட்டி உமிழ்நீரை எடுத்து, பள்ளம் இருக்கின்றதா எனப் பார்ப்பது மற்றொன்று.

இவ்விரண்டிலும் மாதிரியை எடுப்பவர் ஆய்வுக்கூடத்துக்காரர் அல்லர், நோயாளியே. எத்தனை விலையுயர்ந்த கருவியானாலும் கையில் வந்த டப்பாவைத்தான் அது அளக்கும்.

நான் செய்த பிழை

ஆய்வகத்தில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றையும் ஒரு சீட்டையும் கொடுத்தார்கள். ‘முதல் சிறுநீரைக் கொட்டிவிடவும், பின் 24 மணி நேரம் சேகரிக்கவும்’ என்பதே அச்சீட்டின் சாரம். நான் அத்தையிடம், “காலையில எழுந்ததும் வர்ற மொதல் ஒண்ணுக்க மட்டும் கேன்ல ஊத்தாதீங்க அத்தை, மத்ததெல்லாம் புடிங்க” என்றேன். அவர் அப்படியே செய்தார். முதல் நாள் காலையிலும் கொட்டினார், மறுநாள் காலையிலும் கொட்டினார்.

இதில் என்ன தவறு என்று படிப்பவர்க்கும் தோன்றலாம். காலை ஆறு மணிக்கு எழுந்து கழிக்கும் சிறுநீர், முந்தைய இரவு முழுதும் பையில் சேர்ந்தது. அது நேற்றைய கணக்கு. அதைக் கொட்டிப் பையைக் காலி செய்துவிட்டு, ‘ஆறு மணி’ என்று குறித்துக்கொண்டால் அந்த நொடியில் நம் நாள் தொடங்குகின்றது. மறுநாள் காலை அதே ஆறு மணிக்குக் கழிப்பது, இன்றிரவு சேர்ந்தது. அது நம் நாளின் கடைசிப் பங்கு. அதைக் கட்டாயம் கேனில் சேர்க்கவேண்டும். உணர்வு இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் முயன்று கழித்துச் சேர்க்கவேண்டும். நான் சொன்னபடி செய்ததால் ஓர் இரவின் சிறுநீர் முழுவதும் சாக்கடையில் போயிற்று. நேர்மாறான பிழை செய்பவர்களும் உண்டு. அவர்கள் முதல் நாள் காலைச் சிறுநீரையும் சேர்த்து, மறுநாள் காலைச் சிறுநீரையும் சேர்ப்பார்கள். அவர்களுடைய ‘நாள்’ முப்பத்திரண்டு மணி நேரமாகிவிடும், நோய் இல்லாதவர்க்கும் கணக்கு ஏறிவிடும்.

என் பிழை போதாதென்று இன்னொன்றும் நடந்தது. அன்றைக்குக் கொல்லையில் களைவெட்டு. அத்தை கேனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பகலில் வரப்போரம் ஒதுங்கியது இரண்டு தடவை. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணன் மகனிடம் அத்தை ஒண்ணுக்குக் கணக்கைச் சொல்வாரா? அத்தையிடம் அதைக் கேட்க எனக்குத்தான் வாய் வருமா? இந்தப் பரிசோதனைகள் கெடுவதற்கு அறியாமையைவிடக் கூச்சமே பெரிய காரணம் என்று நான் இப்போது நினைக்கின்றேன்.

அறிக்கை வந்தது. 24 மணி நேரச் சிறுநீரில் கார்ட்டிசால் 46 மைக்ரோகிராம். அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 50. “நார்மல்தான் அத்தை” என்று நானே படித்துச் சொன்னேன். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அத்தை மட்டும், “அப்புறம் ஏன்டா என்னால எந்திரிக்க முடியல?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அறிக்கையில் மறைந்திருந்த சாட்சி

நான்கு மாதம் கழித்து, எலும்பு வலி தாங்காமல் வேறொரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பழைய அறிக்கையை வாங்கினார். கார்ட்டிசால் வரியை அவர் முதலில் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த வேறு இரண்டு எண்களைப் பார்த்தார். சிறுநீரின் கொள்ளளவு 900 மில்லி. கிரியேட்டினின் 0.45 கிராம். “இது ஒரு நாள் சிறுநீர் இல்லையே தம்பி” என்றார்.

கிரியேட்டினின் என்பது தசைகளின் அன்றாடத் தேய்மானத்தில் பிறக்கும் கழிவுப் பொருள். ஒருவருக்கு எத்தனை தசை உண்டோ, அதற்கேற்ப நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியாகும். தண்ணீர் அதிகம் குடித்தாலும் குறைத்தாலும் அந்த மொத்த அளவு பெரிதாக மாறாது. பெண்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தோராயமாக 15 முதல் 20 மில்லிகிராம் வரையிலும், ஆண்களுக்கு 20 முதல் 25 வரையிலும் இருக்கும். அத்தையின் எடை 62 கிலோ. குறைந்தது 930 மில்லிகிராம் வந்திருக்கவேண்டும். தசை மெலிந்தவர் என்று கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், 450 என்பது பாதிக்கும் கீழ். ஆகவே கேனுக்குள் வந்தது பாதி நாள்தான்.

பிறகு ஒழுங்காக எடுத்தோம். காலை ஆறு மணிக்குக் கழித்ததைக் கொட்டினார், நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதினேன். அன்று கொல்லைக்குப் போகவேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். மலம் கழிக்கப் போகும்போது முதலில் சிறுநீரைத் தனியே பிடித்துக்கொள்ளவேண்டும் என்பதை, கூச்சத்தை விட்டு, என் அம்மா அத்தையிடம் எடுத்துச் சொன்னார். நேரே கேனில் பிடிக்க முடியாதாகையால் வாயகன்ற பிளாஸ்டிக் மக் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கழித்ததைச் சேர்த்து மூடினோம். இம்முறை 1850 மில்லி. கிரியேட்டினின் 1.02 கிராம். கார்ட்டிசால் 104 மைக்ரோகிராம், வரம்பைப் போல் இருமடங்கு.

வேதியியல் மாணவர்களே, இங்கே சற்று நின்று கணக்கைப் பாருங்கள். முதல் மாதிரியில் ஒரு லிட்டருக்கு 51.1 மைக்ரோகிராம் கார்ட்டிசால் இருந்தது. 51.1 × 0.9 = 46. இரண்டாவது மாதிரியில் லிட்டருக்கு 56.2 மைக்ரோகிராம். 56.2 × 1.85 = 104. செறிவில் பெரிய வேற்றுமை இல்லை. கருவி இரண்டு முறையும் உண்மையையே சொல்லியிருக்கின்றது. பெருக்கும் எண்தான் பொய். ‘நார்மல்’ என்று நான் படித்தது, வரப்போரத்திலும் சாக்கடையிலும் போன சிறுநீரின் புண்ணியம்!

ஒன்றை நம்பாமல் மீண்டும் ஒரு நாள் எடுக்கச் சொன்னார் மருத்துவர். குறைந்தது இரண்டு முறை எடுப்பது நெறி. நோயிலும் நாளுக்கு நாள் சுரப்பு ஏறி இறங்கும் என்பது அதற்குக் காரணம். மூன்றாவதில் கிரியேட்டினின் 0.98 கிராம். 1.02க்கும் 0.98க்கும் உள்ள நெருக்கமே இரண்டும் முழு நாள் மாதிரிகள் என்பதற்குச் சான்று. கார்ட்டிசால் 118.

கேனைப் பற்றியும் சில சொல்லவேண்டும். சில ஆய்வகங்கள் வெறும் கேன் தரும். சிலர் அடியில் சிறிது வெள்ளைப் பொடி போட்டுத் தருவார்கள். அது போரிக் அமிலம், சிறுநீர் கெடாதிருக்க. எங்கள் வீட்டில் அம்மா அதை அழுக்கென்று எண்ணிச் சோப்புப் போட்டுக் கழுவப் போனார், நல்லவேளை நான் பார்த்தேன். எங்களிடம் குளிர்பெட்டி இல்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கட்டி வைத்து, அதனுள் கேனை நிறுத்தி, ஐஸ் கரையக் கரைய மாற்றினோம். வெயிலில் விட்டால் கிருமிகள் பெருகிக் கார்ட்டிசாலைச் சிதைக்கக்கூடும். சிறிய குப்பியில் கொஞ்சம் மட்டும் கொண்டுபோவதாயின், கேனை நன்கு கலக்கி, மொத்தக் கொள்ளளவை அளந்து எழுதிய பிறகே ஊற்றவேண்டும். நாங்கள் கேனையே பையில் மறைத்து, திருவண்ணாமலைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பக்கத்தில் இருந்தவர், “மோரா தம்பி?” என்று கேட்டார்.

‘சிறுநீர்ப் பரிசோதனை’ என்றதும் குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பவர் உண்டு. நாளில் ஐந்து லிட்டருக்கு மேல் குடித்தால், நோயின்றியே சிறுநீர்க் கார்ட்டிசால் உயரும். அன்றாடம் குடிப்பதைக் குடித்தால் போதும். சிறுநீரகம் பழுதுபட்டவர்க்கோ இப்பரிசோதனை நம்பத்தக்கதன்று. வடிகட்டுவதே குறைந்தபின், எவ்வளவு முழுமையாகச் சேகரித்தாலும் அளவு குறைந்தே தெரியும்.

நள்ளிரவு உமிழ்நீர்

உமிழ்நீருக்குக் கேனும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஒரு சிறு குழாயும் அதனுள் ஒரு பஞ்சுச் சுருளும் தருவார்கள். இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள், வழக்கமாகப் படுக்கும் நேரத்தில், அச்சுருளை வாயிலிட்டு இரண்டு நிமிடம் மெதுவாகச் சப்பி மென்று, நனைந்ததும் குழாயில் திருப்பிப் போட்டு மூடி, தேதியும் மணியும் எழுதவேண்டும். அவ்வளவே. அறை வெப்பத்திலேயே பல நாட்கள் கெடாது. இத்தனை எளிதானதால், இதில் தவறு வராது என்று நான் எண்ணினேன்.

முதலில் குறித்த நாளில் ஊரில் பாரதக் கூத்து. அத்தை கூத்துப் பார்த்துவிட்டு விடியற்காலை வந்தார். அன்று எடுக்காமல் விட்டது நல்லதாயிற்று. உறங்கவேண்டிய நேரத்தில் விழித்து, கூட்டத்தில் நின்று, துகிலுரிதல் பார்த்துக் கண்ணீர் விட்டவருக்குக் கார்ட்டிசால் ஏறாமல் என்ன செய்யும்? பௌர்ணமி இரவில் கிரிவலம் சுற்றி வந்து அப்படியே பஞ்சை வாயில் வைத்தாலும் இதே கதைதான். இரவுப் பணி பார்ப்பவர்க்கோ உடலின் நள்ளிரவே இடம் மாறியிருக்கும், அவர்களுக்கு இப்பரிசோதனை பொருந்தாது.

மறுநாள் எடுத்தது ஆய்வகத்திலேயே தள்ளப்பட்டது. பஞ்சு இளஞ்சிவப்பாக இருந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்தோம். அதுவும் இருந்தது, ஈறிலிருந்து கசிந்த இரத்தமும் இருந்தது. அத்தை சாப்பிட்டதும் வெற்றிலை புகையிலை போட்டு, பிறகு ‘சுத்தமாய்க் கொடுக்கவேண்டும்’ என்று படுக்கும் முன் அழுத்திப் பல் துலக்கியிருக்கின்றார். இரத்தத்தில் கார்ட்டிசால் உமிழ்நீரைவிடப் பன்மடங்கு மிகுதி. சிறிது கலந்தாலும் அளவு பொய்யாகும். மாதிரிக்கு முன் அரைமணி நேரமாவது உண்ணாமலும் பல் துலக்காமலும் இருக்கச் சொல்வது இதற்குத்தான். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துச் சற்று நேரம் பொறுத்து எடுக்கலாம்.

புகையிலைக்கு வேறொரு குற்றமும் உண்டு, இது நம் பாடத்தோடு தொடர்புடையது. கெண்டல் என்னும் அமெரிக்க வேதியியலறிஞர் அட்ரினலிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களுக்கு எழுத்துக்களையே பெயராக இட்டார். E என்பது கார்ட்டிசோன், C₂₁H₂₈O₅. F என்பது கார்ட்டிசால், C₂₁H₃₀O₅. இரண்டுக்கும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களே வேற்றுமை. பதினோராம் கார்பனில் கார்ட்டிசாலுக்கு ஹைட்ராக்சில் தொகுதி, கார்ட்டிசோனுக்குக் கீட்டோன் தொகுதி. உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள ஒரு நொதி, அங்கு வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியைக் கார்ட்டிசோனாக மாற்றிவிடுகின்றது. அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும் பொருள் அதிமதுரத்தில் இருக்கின்றது. சிலவகை மெல்லும் புகையிலையிலும் அதிமதுரம் சேர்ப்பதுண்டு. நொதி முடங்கினால் கார்ட்டிசால் மாறாமல் உமிழ்நீரில் தேங்கி, நோய் இருப்பதுபோல் காட்டும். சிறுநீரகத்திலும் இதே நொதி இருப்பதால் சிறுநீர்க் கணக்கும் ஏறும். தொண்டைக் கட்டுக்கு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணம். அத்தையும் இருமலுக்கு அதைத்தான் சுவைத்து வந்தார். மருத்துவர் ‘என்ன மருந்து சாப்பிடுகின்றீர்கள்’ என்று கேட்டபோது அதைச் சொல்லவில்லை. கேட்டால், “அது மருந்தா?” என்கின்றார். சில வாரங்கள் அதையும் புகையிலையையும் நிறுத்தச் செய்தார்கள்.

மற்றொன்று, கைவிரல். அரிப்புக்குப் பூசும் களிம்புகளில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்று ஒன்றுண்டு. பெயர்தான் வேறு, அது கார்ட்டிசாலேதான். வீட்டில் யாராவது அதைப் பூசிய கையால் பஞ்சை எடுத்துக் கொடுத்தால், ஆய்வகத்து எண் எங்கோ வானத்தில் நிற்கும். நம்பமுடியாத உயரத்தில் ஒரு மாதிரியும் தாழ்வாக மற்றொன்றும் வந்தால் முதலில் இதைத்தான் ஐயுறவேண்டும். பஞ்சைக் கையால் தொடாமல், குழாயிலிருந்து நேரே வாயில் கவிழ்த்துக்கொண்டு, திரும்பவும் வாயிலிருந்தே குழாயில் விடுவது நல்லது.

பிறகு இரண்டு இரவுகள், அமைதியாக, விளக்கணைக்கும் முன் எடுத்தோம். 11.2, 9.8 நானோமோல் என்று வந்தன, லிட்டருக்கு. அந்த ஆய்வகத்தின் வரம்பு 4. அளக்கும் முறைக்கு முறை இந்த வரம்பு மாறும், ஆகவே ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் வரம்போடு ஒப்பிடலாகாது. அத்தையின் நள்ளிரவில் பள்ளம் இல்லை என்பது உறுதியாயிற்று. அதன்பின் வேறு இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் எடுத்து, பிட்யூட்டரியில் மிளகளவு கட்டி ஒன்றைக் கண்டு, மூக்கின் வழியாக அதை அகற்றினார்கள்.

அத்தை இப்போது கையை ஊன்றாமல் எழுந்திருக்கின்றார். கட்டி மீண்டும் வரக்கூடுமாதலால் அவ்வப்போது உமிழ்நீரும் சிறுநீரும் கொடுக்கவேண்டும். சென்ற மாதம் கேன் வந்தபோது நான் சீட்டைப் படிக்க எடுத்தேன். “குடுடா, எனக்குத் தெரியும். மொத நாள் கொட்டணும், மறுநாள் கொட்டக்கூடாது” என்று சொல்லிவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து, ‘காலை 6.10’ என்று தம் கையாலேயே எழுதிக் கேனில் ஒட்டினார்.